வீட்டையுமா குத்தகைக்கு விட்டாச்சு?

அய்யா, வணக்கம். அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெரிய அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். மதினி மும்பையில் வளர்ந்தவர். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. அதனால் குடும்ப விஷயங்களை இங்கிலீஷில் மெயில் அனுப்புவேன். போன வாரம் அனுப்பியது இது: “ஐ ஆம் லுக்கிங் ஆஃப்டர் த ஹவுஸ் சின்ஸ் 12 இயர்ஸ். ஐ ஹேவ் லீஸ்ட் அவுட் த கோகனட் குரோவ் பிசைட்ஸ் த ஹவுஸ். த மணி வில் பி ஷேர்ட் பிட்வீன் த த்ரீ பிரதர்ஸ். சின்ஸ் அண்ணன் லெஃப்ட், ஐ ரிப்பேர்ட் த ரூஃப் டுவைஸ்.” மதினி உடனே போன் போட்டு, “வீட்டையுமா குத்தகைக்கு விட்டாச்சு?” என்று கேட்டுவிட்டார். தோப்பை மட்டும்தான் விட்டேன். எங்கள் தாய்மாமாவோ, மூணு பேர் என்றால் பிட்வீன் வராது, அமங் தான் வரும் என்கிறார். சின்ஸ், ஃபார் எனக்கு எப்போதுமே குழப்பம். விளக்க முடியுமா?

*

தம்பிக்கு வணக்கம். நீங்கள் எழுதியது போலவே நானும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இந்தச் சொற்களில் பாதித் தகராறு காதில்தான் தீரும்.

உங்கள் மதினி கேட்டதில் தப்பில்லை. நீங்கள் எழுதியதைத்தான் அவர் படித்திருக்கிறார். ‘பிசைட்’ என்றால் பக்கத்தில். கடைசியில் ஒரு ‘ஸ்’ சேர்ந்து ‘பிசைட்ஸ்’ ஆனால், அது போக, அதோடு கூட என்று பொருள் மாறிவிடும். “த கோகனட் குரோவ் பிசைட் த ஹவுஸ்” என்பது வீட்டுக்குப் பக்கத்துத் தோப்பு. “த கோகனட் குரோவ் பிசைட்ஸ் த ஹவுஸ்” என்றால் வீடு போக தோப்பும். அதாவது வீட்டையும் விட்டாச்சு, தோப்பையும் விட்டாச்சு. ஒற்றை எழுத்தில் ஒரு வீடு கைமாறிப் போகிறது.

நம் பக்கத்துப் பேச்சில் இந்த இரண்டையும் பிரிக்க நல்ல சொற்களே இருக்கின்றன. வீட்டுக்குப் “பக்கத்துல” என்று சொல்ல வந்தால் பிசைட். வீடு “போக” என்று சொல்ல வந்தால் பிசைட்ஸ். “சம்பளம் போக சாப்பாடும் உண்டு” என்கிறோமே, அந்தப் போக. “பிசைட்ஸ் த சாலரி, தே கிவ் மீல்ஸ்.” வாக்கியத்தின் தொடக்கத்தில் தனியாக நின்று, பின்னால் ஒரு காற்புள்ளியோடு வரும் பிசைட்ஸும் இதேதான். “த பஸ் இஸ் லேட். பிசைட்ஸ், இட் இஸ் ரெய்னிங்.” பஸ் லேட்டு, அது போக மழையும் பெய்கிறது. இந்த இடத்தில் பிசைட் வராது.

பிசைட்ஸில் இன்னொரு வளைவு உண்டு. அதைக் கற்றுக்கொடுக்கும்போது எனக்கு உதவியாக வந்து நிற்பது ‘தவிர’ என்ற நம் சொல். “அண்ணனைத் தவிர இன்னும் ரெண்டு பேர் வந்தாங்க” என்றால் அண்ணனும் வந்தார். “அண்ணனைத் தவிர யாரும் வரலை” என்றால் அண்ணன் ஒருவர் மட்டும் வந்தார். முதலில் வருவது கூட்டல், அடுத்ததில் வருவது விலக்கு. ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. ‘இன்னும்’, ‘யாரும் வரலை’ என்ற சொற்கள் பொருளைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன. பிசைட்ஸும் அப்படியே நடக்கும். “பிசைட்ஸ் மை பிரதர், டூ அதர்ஸ் கேம்” கூட்டல். “நோபடி கேம் பிசைட்ஸ் மை பிரதர்” விலக்கு. ஆனால் ‘ஆல்’, ‘எவ்ரிபடி’ போன்ற சொற்கள் வரும் வாக்கியத்தில் ஒருவரை விலக்க வேண்டுமானால் பிசைட்ஸை நம்பாதீர்கள். “எவ்ரிபடி சைன்ட் பிசைட்ஸ் மை பிரதர்” என்று எழுதினால் அண்ணன் கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்று படிப்பவர் திணறுவார். அங்கே ‘எக்ஸெப்ட்’ போட்டுவிடுங்கள். சொத்து விஷயத்தில் திணறலுக்கு இடம் வைக்கக் கூடாது.

பழைய ஆங்கிலப் புத்தகங்களில் பிசைட்டையே ‘அது போக’ என்ற பொருளில் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். முன்னாளில் இரண்டு சொற்களும் ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து போய்க்கொண்டிருந்தவைதான். அதை இப்போது பின்பற்ற வேண்டாம். அப்புறமும் ‘ஸ்’ போடுவதா வேண்டாமா என்று கை தயங்கினால், பக்கத்துக்கு ‘நெக்ஸ்ட் டு’ என்று எழுதுங்கள். யாரும் குறை சொல்லப் போவதில்லை.

அடுத்தது உங்கள் முதல் வாக்கியம். இதில் இரண்டு தப்பு இருக்கிறது, பெரிய தப்பு சின்ஸில் இல்லை. அதைக் கடைசியாகச் சொல்கிறேன்.

சின்ஸுக்கும் ஃபாருக்கும் உள்ள வேற்றுமையை நீங்கள் தினமும் தமிழில் தப்பில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கடைக்கு வருகிறவர் ஒருவர், “எத்தனை வருசமா கடை வச்சிருக்கியோ?” என்று கேட்டால், “12 வருசமா” என்பீர்கள். “எப்போ இருந்து?” என்று கேட்டால், “2013-லேர்ந்து” என்பீர்கள். இரண்டையும் மாற்றிச் சொல்ல உங்கள் நாக்கே இடம் கொடுக்காது. ‘வருசமா’, ‘நாளா’, ‘மாசமா’ என்று ‘ஆ’வில் முடிவது காலத்தின் நீளம், அதற்கு ஃபார். ‘லேர்ந்து’ என்று முடிவது தொடங்கிய புள்ளி, அதற்கு சின்ஸ்.

பிறகு ஏன் ‘சின்ஸ் 12 இயர்ஸ்’ என்று வருகிறது? வகுப்பில் நான் கண்ட காரணம் ஒன்று உண்டு. ஃபார் என்றால் ‘-க்காக’ என்று சின்ன வயதில் படித்துவிடுகிறோம். ஃபார் மீ, எனக்காக. ஃபார் யூ, உனக்காக. அதனால் ‘12 வருசமா’ என்று மனதில் ஓடும்போது ஃபார் நினைவுக்கு வருவதில்லை. ‘12 வருசத்துக்காக’ என்பதுபோல் ஏதோ இடிக்கிறது. காலத்தைப் பற்றியது என்று தெரிந்த சொல் சின்ஸ் ஒன்றுதான், அதைப் பிடித்துக்கொள்கிறோம். ஃபாருக்கு ‘வருசமா’ என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்பதை மனதில் பதித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சந்தேகம் வந்தால் காலண்டரை எடுங்கள். விரலை ஓர் இடத்தில் வைத்துக் காட்ட முடிந்தால் சின்ஸ். சின்ஸ் மண்டே, சின்ஸ் 2013, சின்ஸ் திஸ் மார்னிங். தேதி தெரியாவிட்டாலும் நிகழ்ச்சி ஒன்று புள்ளியாக நிற்கலாம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு வந்துவிட்டுப் போன அண்ணன் அதன் பிறகு வரவில்லை என்றால், “ஹி ஹேஸ் நாட் கம் ஹோம் சின்ஸ் த கார் ஃபெஸ்டிவல்.” அந்தத் தேரோட்டம் ஒரு புள்ளி. விரலை வைத்து ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் வரை இழுக்க வேண்டியிருந்தால் ஃபார். “ஹி ஹேஸ் நாட் கம் ஹோம் ஃபார் ஃபோர் மந்த்ஸ்.”

விரல் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘லாஸ்ட் இயர்’ என்பது போன வருசம், அது புள்ளி. அதனால் ‘சின்ஸ் லாஸ்ட் இயர்’ சரி. ‘த லாஸ்ட் 12 இயர்ஸ்’ என்பது கடந்த 12 வருசம், அது நீளம். அதனால் ‘ஃபார் த லாஸ்ட் 12 இயர்ஸ்’ சரி. விண்ணப்பங்களில் ‘சின்ஸ் த லாஸ்ட் 12 இயர்ஸ்’ என்று எழுதுவதை நான் பார்த்த அளவுக்கு வேறெந்தத் தப்பையும் பார்த்ததில்லை. ‘லாஸ்ட்’ என்ற சொல்லைக் கண்டதும் பழைய காலம், எனவே சின்ஸ் என்று கை போய்விடுகிறது. எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் வருசமோ மாசமோ நாளோ வந்தால் அது ஃபார்.

‘லேர்ந்து’ என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழில் அது சின்ஸுக்கும் வரும், ‘ஃப்ரம்’ என்பதற்கும் வரும். “கடை 9 மணியிலேர்ந்து திறந்திருக்கும்” என்றால் அது கடையின் வழக்கம், “த ஷாப் இஸ் ஓபன் ஃப்ரம் 9.” “கடை 9 மணியிலேர்ந்து திறந்திருக்கு, ஒரு ஆளும் வரலை” என்றால் 9-இல் தொடங்கி இந்த நிமிடம் வரை நீள்கிறது, “த ஷாப் ஹேஸ் பீன் ஓபன் சின்ஸ் 9.” தொடங்கிய புள்ளி இப்போது வரை கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தால்தான் சின்ஸ். கயிறு இல்லாத வெறும் தொடக்கம் ஃப்ரம்.

அந்தக் கயிறுதான் நான் கடைசியாகச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டுப் போன பெரிய தப்பு. சின்ஸை எடுத்துவிட்டு ஃபாரைப் போட்டு, “ஐ ஆம் லுக்கிங் ஆஃப்டர் த ஹவுஸ் ஃபார் 12 இயர்ஸ்” என்று திருத்தினாலும் வாக்கியம் நேராகாது. தமிழில் “12 வருசமா பாத்துக்கிட்டு இருக்கேன்” என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே கொண்டுபோனால் ‘ஐ ஆம் லுக்கிங்’ என்றுதான் வரும். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் லுக்கிங்’ இப்போது நடப்பதை மட்டும் சொல்லும்; பின்னால் கிடக்கும் 12 வருசத்தை அதனால் தூக்க முடியாது. முன்பு தொடங்கி இப்போதும் தொடர்வதற்கு அவர்கள் ‘ஹேவ் பீன்’ வைத்திருக்கிறார்கள். “ஐ ஹேவ் பீன் லுக்கிங் ஆஃப்டர் த ஹவுஸ் ஃபார் 12 இயர்ஸ்.” தொடக்கத்தைச் சொல்ல விரும்பினால் “ஐ ஹேவ் பீன் லுக்கிங் ஆஃப்டர் த ஹவுஸ் சின்ஸ் 2013.” இரண்டும் ஒரே செய்திதான்.

இறந்த காலத்தில் “ஐ லுக்ட் ஆஃப்டர் த ஹவுஸ் ஃபார் 12 இயர்ஸ்” என்று எழுதிவிடாதீர்கள். இலக்கணப்படி அது முழுக்கச் சரியான வாக்கியம், அதனால்தான் ஆபத்து. பார்த்துக்கொண்டேன், இப்போது இல்லை என்று பொருள். மதினி அடுத்த போன் போட்டு, “இப்போ வீட்டை யார் பாக்குறா?” என்று கேட்பார். ஃபார் எந்தக் காலத்தோடும் சேரும். இறந்த காலம், நிகழ்காலம், “ஐ வில் ஸ்டே ஃபார் டூ டேஸ்” என்று எதிர்காலம் கூட. (தமிழில் அந்த இடத்தில் ‘ரெண்டு நாளா’ மாறி ‘ரெண்டு நாளைக்கு’ ஆகிவிடும், ஆங்கிலம் அவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை.) சின்ஸ் அப்படியில்லை. காலத்தைக் குறிக்கும்போது, சின்ஸ் இருக்கும் வாக்கியத்தின் முக்கிய வினையில் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் பெரும்பாலும் எங்கோ இடறியிருக்கிறது. ‘இட் இஸ் டென் இயர்ஸ் சின்ஸ் ஹி லெஃப்ட்’ போல வழக்கில் ஊன்றிவிட்ட சில தொடர்கள் இதற்கு விலக்கு.

பிட்வீன், அமங் வழக்குக்கு வருவோம். உங்கள் தாய்மாமா சொல்வது நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்த விதி: இரண்டு பேருக்கு பிட்வீன், அதற்கு மேல் அமங். நானும் பல வருடம் இதையேதான் கரும்பலகையில் எழுதினேன். விதிக்குப் பின்னால் நியாயம் இல்லாமல் இல்லை. பிட்வீனுக்குள் இருக்கும் ‘ட்வீன்’ இரண்டைக் குறிக்கும் பழைய சொல்லின் உறவு. 1755-இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதியும், பிட்வீன் இரண்டுக்கு, அமங் அதற்கு மேற்பட்டவைக்கு என்கிறது. ஆனால் எப்போதும் அப்படி நடப்பதில்லை போலும் என்று அதே இடத்தில் அவரே சேர்த்துக்கொள்கிறார். பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டும். மூன்று நான்கு பேருக்கு பிட்வீன் போடுவது பழங்காலம் முதல் வழக்கில் இருந்துகொண்டே இருக்கிறது.

எண்ணிக்கையைப் பார்க்காமல், ஆட்கள் எப்படி நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொருவரும் தனித்தனி ஆளாக, ஒருவருக்கொருவர் நேராக நின்றால் பிட்வீன். கூட்டமாக, குவியலாக நின்றால் அமங். தாமிரபரணி திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஓடுகிறது. இரண்டும் பெயர் சொல்லி நிற்கும் ஊர்கள், எனவே பிட்வீன். வீடு தென்னை மரங்களுக்கு நடுவே இருக்கிறது, எந்த மரம், எத்தனை மரம் என்று யாரும் எண்ணவில்லை, எனவே “த ஹவுஸ் ஸ்டாண்ட்ஸ் அமங் த கோகனட் ட்ரீஸ்.” அதே வீடு கிணறு, தோப்பு, வாய்க்கால் என்ற மூன்றுக்கும் நடுவே இருக்கிறது என்று எல்லை சொல்ல வந்தால், மூன்றாக இருந்தாலும் “பிட்வீன் த வெல், த குரோவ் அண்ட் த கனால்.” இங்கே அமங் போட்டால் வீடு எங்கே என்றே தெரியாமல் போகும்.

ஒப்பந்தமும் அப்படியே. உங்கள் பாகப்பிரிவினைப் பத்திரம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டால் மூன்று சகோதரர்களின் பெயரையும் அடுக்கி “பிட்வீன்” என்றுதான் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் கட்டுப்படுகிறார். ‘வேற்றுமை’ என்பதற்கும் இதுவே. பொன்னி, அம்பை, இட்லி அரிசி மூன்றையும் ஒப்பிட்டாலும் “த டிஃபரன்ஸ் பிட்வீன் த த்ரீ” தான்.

பங்கு பிரிப்பது என்று வந்தால் இரண்டும் செல்லும். “ஷேர்ட் பிட்வீன் த த்ரீ பிரதர்ஸ்” சரி. “ஷேர்ட் அமங் த த்ரீ பிரதர்ஸ்” சரி. ஆகவே நீங்கள் எழுதியதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மாமா மனம் கோணக் கூடாது என்றால் அமங் போட்டுக்கொள்ளுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை. அவரிடம் மேலே சொன்ன பத்திர உதாரணத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். பொங்கல் வரை விடமாட்டார்.

பிட்வீனில் நம் ஆட்கள் உண்மையில் தப்புவிடும் இடத்தை மாமா பார்க்கவில்லை. “பிட்வீன் 10 டு 12” என்று எழுதுகிறோம். பிட்வீனுக்குத் துணை ‘அண்ட்’ மட்டுமே: “பிட்வீன் 10 அண்ட் 12.” ‘டு’ வேண்டும் என்றால் முன்னால் ஃப்ரம் வர வேண்டும்: “ஃப்ரம் 10 டு 12.” உங்கள் கடை வாசலில் நேரப் பலகை இருந்தால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி மெயிலை இப்படித் திருத்தலாம். “ஐ ஹேவ் பீன் லுக்கிங் ஆஃப்டர் த ஹவுஸ் ஃபார் 12 இயர்ஸ். ஐ ஹேவ் லீஸ்ட் அவுட் ஒன்லி த கோகனட் குரோவ் பிசைட் த ஹவுஸ். த மணி வில் பி ஷேர்ட் பிட்வீன் த த்ரீ பிரதர்ஸ்.” ‘ஒன்லி’ என்பதை நானே சேர்த்தேன். ஒரு தடவை பயந்துபோன மதினிக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

நான்காம் வாக்கியத்தை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை. சின்ஸுக்கு ‘அப்போதிலிருந்து’ என்ற பொருள் போக ‘அதனால்’ என்ற பொருளும் உண்டு. “சின்ஸ் அண்ணன் லெஃப்ட், ஐ ஹேவ் ரிப்பேர்ட் த ரூஃப் டுவைஸ்” என்றால், அவர் போனதிலிருந்து இதுவரை இரண்டு தடவை கூரையைச் சரி செய்திருக்கிறேன் என்று வெறும் கணக்குச் சொல்வது. நீங்கள் எழுதியதில் ‘ஹேவ்’ இல்லை. “சின்ஸ் அண்ணன் லெஃப்ட், ஐ ரிப்பேர்ட் த ரூஃப் டுவைஸ்” என்றால், அவர் விட்டுவிட்டுப் போனதால நான்தான் இரண்டு தடவையும் செய்ய வேண்டியதாயிற்று என்று படிக்கத் தோன்றும். இலக்கணத்தில் இரண்டுக்குமே இடம் இருக்கிறது. எதைச் சொல்ல வந்தீர்கள் என்பது உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவே உள்ள விஷயம். கணக்குத்தான் என்றால் ‘ஹேவ்’ சேர்த்து அனுப்புங்கள்.